மூன்று கிராம் சர்க்கரை

பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். எடை 50 கிலோ. உடலில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். காலையில் வெறும் வயிற்றில் விரல் நுனியைக் குத்திப் பார்த்தால் மீட்டர் 90 என்று காட்டுகிறது. 100 மில்லி ரத்தத்தில் 90 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது என்று பொருள். மூன்றரை லிட்டருக்கும் கணக்குப் போட்டால் மூன்று கிராம் சொச்சம் வரும். அவள் ரத்தத்தில் கரைந்திருக்கும் சர்க்கரை முழுவதையும் திரட்டினாலும் ஒரு டீஸ்பூன் நிரம்பாது.

ஏழரை மணிக்கு அவள் நான்கு இட்லி சாப்பிடுகிறாள். சாம்பாரையும் சேர்த்து ஏறக்குறைய 50 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொள்ளலாம். அது சிறுகுடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்கு வருகிறது. வந்ததெல்லாம் ரத்தத்திலேயே தங்கிவிட்டால் மீட்டர் 1,500ஐத் தொட வேண்டும். உண்மையில் குளுக்கோஸ் ரத்தக் குழாய்க்குள் மட்டும் நிற்பதில்லை, செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் பரவுகிறது. அந்த நீரையும் சேர்த்து மொத்தம் பத்து லிட்டர் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் சர்க்கரை அளவு 500 கூடி, 600ஐ நெருங்க வேண்டும். ஆனால் எட்டேகால் மணிக்குச் சோதித்தால் 130 போலத்தான் இருக்கும். பத்து மணிக்கு இரண்டாவது பாடவேளையில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி 95 அளவுக்கு வந்துவிடும்.

மூன்று கிராம் இருந்த இடத்தில் 50 கிராம் வந்து போயிருக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வந்துதான் இது நடக்க வேண்டும் என்பதில்லை. நரம்புகளுக்கும் இதில் சிறு பங்கு உண்டு என்றாலும், முக்கிய வேலை இரைப்பைக்குப் பின்னால் கிடக்கும் கணையத்தில் நடக்கிறது. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நீரைச் சுரக்கும் திசு. அதற்கு நடுவே சிறு சிறு தீவுகளாகச் சுமார் பத்து லட்சம் செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் கணையத்தின் எடையில் ஒன்றிரண்டு சதவீதம்தான். 1869இல் பெர்லினில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றை நுண்ணோக்கியில் கண்டு தன் ஆய்வேட்டில் விவரித்தார். இவற்றின் வேலை என்ன என்பது அப்போது அவருக்குத் தெரியாது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது: லாங்கர்ஹான்ஸ் திட்டுகள். இவற்றில் உள்ள பீட்டா செல்கள் இன்சுலினையும் ஆல்பா செல்கள் குளுக்ககானையும் சுரக்கின்றன. இதுவரை பாடநூலிலும் இருக்கும்.

பாடநூல் பெரும்பாலும் ஒரே வரியில் கடந்துவிடும் இடம் அடுத்து வருகிறது. ரத்தத்தில் சர்க்கரை கூடியது பீட்டா செல்லுக்கு எப்படித் தெரியும்?

சர்க்கரையைத் தானே எரித்துப் பார்த்து அது அறிந்துகொள்கிறது. ரத்தத்தில் எவ்வளவு குளுக்கோஸ் இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே அளவு பீட்டா செல்லுக்குள்ளும் தாராளமாக நுழைந்துவிடும். உள்ளே அதைப் பிடித்து எரிக்கும் பாதையில் தள்ளிவிடும் முதல் நொதியின் பெயர் குளுக்கோகைனேஸ். மற்றப் பெரும்பாலான செல்களில் இந்த வேலையைச் செய்யும் நொதி, கொஞ்சம் குளுக்கோஸ் இருந்தாலே முழு வேகத்தில் ஓடும். வெளியே 80 இருந்தாலும் 180 இருந்தாலும் அதன் வேகம் ஒன்றுதான். குளுக்கோகைனேஸ் அப்படியல்ல. சர்க்கரை 90இலிருந்து 130க்கு ஏறினால் அதன் வேகமும் ஏறும். எரிப்பு வேகம் கூடினால் செல்லுக்குள் ஏடிபி கூடும். ஏடிபி கூடினால் செல் சவ்வில் உள்ள ஒருவகைப் பொட்டாசியம் வாயில்கள் மூடிக்கொள்ளும். அவை மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறும், உடனே கால்சியம் வாயில்கள் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், ஏற்கெனவே பொட்டலம் கட்டித் தயாராக வைக்கப்பட்டிருக்கும் இன்சுலின் ரத்தத்தில் கொட்டும். இவையெல்லாம் நடக்கச் சில நிமிடங்களே போதும்.

ஒரு நொதிதான் அளவுகோல் என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் கடினம். ஆனால் இதற்கு மனிதர்களிலேயே சான்று இருக்கிறது. குளுக்கோகைனேஸுக்கான மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதோடு சிலர் பிறக்கிறார்கள். அவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை பிறந்ததிலிருந்தே 100க்கும் 145க்கும் இடையில் ஓர் அளவில் இருக்கும். அது தாறுமாறாக ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. சாப்பிட்டால் கொஞ்சம் கூடி, பிறகு அதே பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அவர்கள் உடலில் கட்டுப்பாடு கெடவில்லை, கட்டுப்பாட்டின் இலக்குதான் சற்று மேலே நகர்ந்திருக்கிறது. பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படுவதில்லை. உங்கள் உடலுக்கு 90 என்பதுதான் சரியான அளவு என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அந்த நொதி எந்த அளவில் வேகமெடுக்கிறதோ, அதையொட்டியே உங்கள் சர்க்கரை நிலைகொள்கிறது.

மாணவியிடம் திரும்புவோம். அவள் பீட்டா செல்கள் விட்ட இன்சுலின் நேராக உடல் முழுவதும் போய்விடுவதில்லை. கணையத்திலிருந்து வரும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குப் போகிறது. குடலிலிருந்து குளுக்கோஸைச் சுமந்து வரும் ரத்தமும் அதே சிரை வழியாகத்தான் வருகிறது. ஆக, சரக்கும் அதை என்ன செய்ய வேண்டும் என்ற தகவலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. வந்த இன்சுலினில் ஏறக்குறைய பாதியை முதல் சுற்றிலேயே கல்லீரல் பிடித்துச் சிதைத்துவிடும். மீதிதான் தசைக்கும் கொழுப்புக்கும் போகும்.

இன்சுலின் என்றால் சர்க்கரைக்குச் செல்லின் கதவைத் திறந்துவிடும் சாவி என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். தசையையும் கொழுப்பையும் பொறுத்தவரை அது சரி. இன்சுலின் வந்து தொட்டதும் அந்தச் செல்கள் தமக்குள் ஒளித்து வைத்திருக்கும் குளுக்கோஸ் கடத்திகளை மேற்பரப்புக்கு அனுப்பும். சர்க்கரை உள்ளே போகும், தசையில் கிளைக்கோஜனாகச் சேரும். ஆனால் மூளைக்கு இந்தச் சாவி வேண்டியதில்லை, சிவப்பணுக்களுக்கும் வேண்டியதில்லை, கல்லீரலுக்கும் வேண்டியதில்லை. கல்லீரலில் இன்சுலின் செய்வது வேறு. அதுவரை கல்லீரல் ரத்தத்துக்குச் சர்க்கரையை விட்டுக்கொண்டே இருந்தது. இன்சுலின் வந்து அதை நிறுத்துகிறது, வரும் சர்க்கரையைச் சேமிக்கவும் சொல்கிறது. என்னைக் கேட்டால், சாவி உவமையைவிட முக்கியமான செய்தி இதுதான்.

சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் பீட்டா செல்லில் எரிப்பு வேகம் குறையும், ஏடிபி குறையும், பொட்டாசியம் வாயில்கள் திறக்கும், இன்சுலின் வெளியேறுவது தணியும். குளுக்கோஸ் கூடியதால் இன்சுலின் வந்தது. இன்சுலின் வந்ததால் குளுக்கோஸ் குறைந்தது. குளுக்கோஸ் குறைந்ததால் இன்சுலின் அடங்கியது. விளைவே தன் காரணத்தை அணைத்துவிடும் இந்த ஏற்பாட்டைத்தான் எதிர்மறை பின்னூட்டம் என்கிறோம். சைக்கிள் ஓட்டுபவர் வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஹேண்டிலை இலேசாகத் திருப்பி நிமிர்த்துகிறார். வண்டி நிமிர்ந்த பிறகும் ஹேண்டிலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் வட்டமடித்து விழவேண்டியதுதான். ரத்தத்தில் இன்சுலினின் அரை ஆயுள் ஐந்து நிமிடம் போலத்தான் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். விட்டதில் பாதி ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும், எஞ்சியதில் பாதி அடுத்த ஐந்து நிமிடத்தில் போகும். பாடுபட்டுச் செய்த ஹார்மோனை உடல் இவ்வளவு சீக்கிரம் சிதைப்பது வீண்செலவு போலத் தோன்றும். அது சிதையாவிட்டால் பழைய தகவல் புதிய நிலைமையின் மீது தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்.

இப்போது இரவுக்கு வருவோம். பத்து மணிக்குப் படுக்கிறாள், காலை ஆறு மணிக்கு எழுகிறாள். எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடவில்லை. தூங்கினாலும் மூளை சும்மா இருப்பதில்லை, அதற்குச் சர்க்கரை வேண்டும். சிவப்பணுக்களுக்கு வேறு எரிபொருளே கிடையாது. சாதாரணமாக ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 2 மில்லிகிராம் குளுக்கோஸ் செலவாகிறது என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 50 கிலோவுக்கு நிமிடத்துக்கு 100 மில்லிகிராம், மணிக்கு 6 கிராம். ரத்தத்தில் இருப்பதோ மூன்று கிராம். ரத்தத்தில் உள்ள சர்க்கரை முழுவதும் அரைமணி நேரத்துக்கு ஒருமுறை போய், அதே அளவு புதிதாக வந்து சேர்கிறது என்று அர்த்தம். காலையில் மீட்டர் காட்டும் 90 என்பது தேங்கி நிற்கும் சர்க்கரையின் அளவு அல்ல. போவதும் வருவதும் சமமாக இருப்பதால் அப்படித் தெரிகிறது.

எட்டு மணி நேரத்துக்கு 48 கிராம். கிட்டத்தட்ட அந்த நான்கு இட்லியின் அளவு. அதைக் கொடுப்பது கல்லீரல். பிரெஞ்சு உடலியலாளர் குளோத் பெர்னார் 1855இல் இதை நேரில் பார்த்தார். வெட்டியெடுத்த ஒரு கல்லீரலின் ரத்தக் குழாய்களுக்குள் தண்ணீரைச் செலுத்தி, சர்க்கரையின் தடமே இல்லாத வரை கழுவினார். ஒரு நாள் கழித்துச் சோதித்தபோது அதே கல்லீரலில் மறுபடி சர்க்கரை இருந்தது. வெளியிலிருந்து எதுவும் வரவில்லை, உள்ளே இருந்த ஏதோ ஒன்று சர்க்கரையாக மாறியிருக்கிறது. அந்த ஏதோ ஒன்றைப் பிறகு அவரே பிரித்தெடுத்துக் கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

கிளைக்கோஜனை உடைக்கச் சொல்லும் தகவல்தான் குளுக்ககான். சர்க்கரை இறங்கும்போது ஆல்பா செல்கள் இதைக் கூடுதலாக விடுகின்றன. இதுவும் போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலைத்தான் அடைகிறது. கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸாக வெளியேறும். கூடவே, அமினோ அமிலங்கள், தசையிலிருந்து வரும் லாக்டிக் அமிலம், கொழுப்பு உடைந்து வரும் கிளிசரால் இவற்றிலிருந்து புதிய குளுக்கோஸையும் கல்லீரல் செய்யத் தொடங்கும். விடியும்போது அவள் ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதி கையிருப்பிலிருந்து வந்தது, பாதி புதிதாகச் செய்தது. ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் கல்லீரலின் கிளைக்கோஜன் ஏறக்குறைய தீர்ந்துபோய், புதிதாகச் செய்வது ஒன்றே வழியாகிவிடும்.

தசையில் கல்லீரலைவிடப் பல மடங்கு கிளைக்கோஜன் இருக்கிறதே, அதைக் கேட்டு வாங்கினால் என்ன என்று தோன்றலாம். தசைக்குக் கொடுக்க வழியில்லை. கிளைக்கோஜன் உடையும்போது வரும் குளுக்கோஸில் ஒரு பாஸ்பேட் ஒட்டிக்கொண்டிருக்கும், அது ஒட்டியிருக்கும்வரை செல்லைவிட்டு வெளியேற முடியாது. அதைக் கழற்றும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை. தசையின் சேமிப்பு தசைக்கே.

தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணும் விடை ஒன்று உண்டு: சாப்பிட்டால் இன்சுலின் சுரக்கும், பசித்தால் குளுக்ககான் சுரக்கும். பகல் காவலாளி, இரவுக் காவலாளி மாதிரி. மதிப்பெண் கிடைத்துவிடும், ஆனால் உடலில் நடப்பது அப்படியல்ல. இரண்டும் எப்போதும் ரத்தத்தில் இருக்கின்றன. மாறுவது அவற்றின் விகிதம். நடு இரவிலும் இன்சுலின் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருக்கும், அதுதான் குளுக்ககானின் கை ஓங்கிவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து கூடும் நேரமும் உண்டு. அந்த மாணவி ஒருநாள் இட்லியை விட்டுவிட்டு முட்டைகளை மட்டும் சாப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முட்டையில் மாவுச்சத்து இல்லை. ஆனால் அதன் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களைத் தசைகளுக்குள் சேர்க்க இன்சுலின் வேண்டும். இன்சுலின் தனியாக வந்தால் சர்க்கரை இறங்கிவிடும். அமினோ அமிலங்கள் குளுக்ககானையும் தூண்டுகின்றன. ஒரு பக்கம் இன்சுலின் சர்க்கரையை உள்ளே இழுக்க, மறுபக்கம் குளுக்ககான் கல்லீரலிலிருந்து அதை விட, மீட்டரில் பெரிய மாற்றமே தெரியாது. இரண்டு ஹார்மோன் எதற்கு, ஒன்றைக் கூட்டிக் குறைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த முட்டை நல்ல பதில்.

இந்தச் சுற்று அறுந்துபோனால் என்ன ஆகும் என்பதைப் பார்த்தால் அதன் அமைப்பு இன்னும் துலங்கும். முதல் வகை நீரிழிவில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் ஏறக்குறைய இல்லை. சர்க்கரை 400க்கு மேல் போகிறது. சிறுநீரகம் மீட்டெடுக்கக்கூடிய அளவு 180 வாக்கில் முடிந்துவிடுவதால் மீதி சிறுநீரில் வெளியேறுகிறது, தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் ஓயாத தாகமும் அடிக்கடி சிறுநீரும். இவ்வளவு சர்க்கரை இருக்கும்போது குளுக்ககான் அடங்கியிருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். அடங்குவதில்லை, கூடியே இருக்கிறது. ஆல்பா செல்லை அடக்கி வைப்பதில் பக்கத்திலேயே இருக்கும் பீட்டா செல் விடும் இன்சுலினுக்குப் பெரும் பங்கு உண்டு. பீட்டா செல் போனதும் அந்தக் கடிவாளமும் போயிற்று. ரத்தத்தில் சர்க்கரை வெள்ளமாக ஓடும்போதே கல்லீரல் இன்னும் சர்க்கரையைச் செய்து கொட்டிக்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் ஹார்மோன்கள் சொல்வதைத்தான் கேட்கிறது. ஹார்மோன் விகிதம் பட்டினி என்று சொன்னால் அதற்குப் பட்டினிதான்.

இன்சுலின் ஊசி உயிரைக் காக்கிறது. ஆனால் பின்னூட்டத்தை அது திருப்பிக் கொடுப்பதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு மாணவன் மாலையில் ஊசி போட்டுக்கொண்டு கபடி ஆடப் போகிறான். தசைகள் சர்க்கரையை வேகமாக எடுக்கின்றன, மீட்டர் 110, 85, 65 என்று இறங்குகிறது. நம் மாணவிக்கு 80ஐத் தாண்டிக் கீழே போகும்போதே இன்சுலின் வெகுவாகக் குறைந்திருக்கும், 65க்கும் 70க்கும் இடையில் குளுக்ககான் எழும்பியிருக்கும். அவனுக்கு முதல் வேலையே நடக்காது. தோலுக்கடியில் போட்ட இன்சுலின் யாரையும் கேட்காமல் ஊறிக்கொண்டே இருக்கும். இரண்டாவதும் நடக்காமல் போகலாம். பக்கத்து பீட்டா செல்லின் இன்சுலின் சட்டென்று குறைவதே ஆல்பா செல்லுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. பீட்டா செல்லே இல்லாதபோது அந்தக் குறிப்பு எங்கிருந்து வரும்? நோய் வந்து சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலோருக்குச் சர்க்கரை இறங்கும்போது குளுக்ககான் எழும்புவது நின்றுபோகிறது. எஞ்சியிருக்கும் பெரிய காவல் அட்ரினலின்தான். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி எல்லாம் அது அடிக்கும் மணி. இதையும் கவனிக்காமல் 50க்குக் கீழே போனால் பேச்சு குழறும், எரிச்சலோடு முன்னுக்குப் பின் பேசுவான், மயங்கிவிழவும் கூடும்.

அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சரியாகவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே மருத்துவ உதவிக்கு அழைக்க வேண்டும். இத்தகைய அவசரத்துக்கென்று குளுக்ககான் ஊசி இருக்கிறது. அது சர்க்கரையைக் கொண்டுவருவதில்லை, கல்லீரலில் இருப்பதை விடச் சொல்கிறது, அவ்வளவுதான். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவருக்கும் நிறைய மது குடித்தவருக்கும் அது சரியாக வேலை செய்யாது. கையிருப்பு இருந்தால்தானே கட்டளைக்குப் பயன்.

இரண்டாம் வகை நீரிழிவின் தொடக்கம் வேறுவிதம். தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு மந்தமாகின்றன, சர்க்கரை கொஞ்சம் ஏறுகிறது, பீட்டா செல்கள் கூடுதலாகச் சுரந்து அதை இறக்கிவிடுகின்றன. பின்னூட்டம் ஒழுங்காக வேலை செய்வதாலேயே கோளாறு பல ஆண்டுகள் வெளியே தெரிவதில்லை. வெறும் வயிற்றில் 95 என்று காட்டும். அதே 95ஐப் பிடித்து நிறுத்த ஒருவருக்குத் தேவைப்படும் இன்சுலின் இன்னொருவருக்குப் பல மடங்காக இருக்கலாம், மீட்டருக்கு அது தெரியாது. அதனால்தான் 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்கச் செய்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். பெரும் சுமையை ஏற்றி, சுற்று எவ்வளவு சீக்கிரம் மீள்கிறது என்று சோதிப்பதுதான் இது. 140க்குக் கீழே வந்திருந்தால் இயல்பு, 200ஐத் தாண்டி நின்றால் நீரிழிவு.

அந்தக் குளுக்கோஸைக் குடிக்கச் செய்வதிலும் ஒரு செய்தி இருக்கிறது. ரத்தச் சர்க்கரை அதே அளவுக்கு ஏறும்படி குளுக்கோஸைச் சிரை வழியாக ஏற்றினால் இவ்வளவு இன்சுலின் வராது. வாய் வழியாக வரும்போது குடல் தன் பங்குக்கு ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களை அனுப்பி, உணவு வருகிறது என்று பீட்டா செல்லை முன்கூட்டியே உசுப்பிவிடுகிறது. பின்னூட்டம் என்பது தவறு நடந்த பிறகு திருத்துவது. குடல் அனுப்பும் தகவலோ தவறு பெரிதாகும் முன்பே வந்துவிடுகிறது.

பொறியாளர்கள் இந்தச் சுற்றைக் கருவியாகக் கட்ட முயலும்போது மேலே சொன்ன ஒவ்வொன்றும் எதிரே வந்து நிற்கிறது. தோலுக்கடியில் பொருத்திய உணரி சில நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரையை அளக்கிறது, கணினி நிரல் கணக்கிடுகிறது, பம்ப் இன்சுலினைச் செலுத்துகிறது. முதல் வகை நீரிழிவு உள்ள பலர் இன்று இதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் உணரி அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையே உள்ள நீரை. அங்கே மாற்றம் சில நிமிடம் தாமதமாகத்தான் தெரியும். செலுத்திய இன்சுலின் தோலடியிலிருந்து ஊறி உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம்போல ஆகும். கல்லீரலுக்கு முதலில் போகும் வசதியும் இல்லை. குடலின் முன்தகவல் கருவிக்குக் கிடைக்காததால், பெரும்பாலான கருவிகளில் சாப்பாட்டுக்கு முன் பயனர்தான் பொத்தானைத் தட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் பம்ப் இன்சுலினை நிறுத்தும். ஏற்கெனவே உள்ளே போனதைத் திரும்ப எடுக்க அதனால் முடியாது. குளுக்ககானையும் சேர்த்துச் செலுத்தும் இரட்டைப் பம்புகள் இதற்காகவே உருவாக்கப்படுகின்றன. அதில் நீண்ட நாள் இழுத்த சிக்கல் வேதியியல் சார்ந்தது: குளுக்ககானைத் தண்ணீரில் கரைத்து வைத்தால் இழை இழையாகத் திரிந்து கெட்டுவிடும். ஆகவே அதைத் தூளாக வைத்திருந்து, போடும் நேரத்தில்தான் கலக்க வேண்டியிருந்தது. கரைசலாகவே நிலைத்து நிற்கும் வடிவங்கள் அண்மையில்தான் மருந்தாக வந்திருக்கின்றன. புழக்கத்தில் உள்ள பெரும்பாலான கருவிகள் இன்னும் இன்சுலினை மட்டுமே செலுத்துகின்றன.